எண்ணத்தை எழுதி முடித்துவிட்டாரா?
உரையாடும் மென்பொருள்கள்: சாட்பாட் சில நொடி காத்திருப்பது ஏன்

கைபேசியில் ஒரு செய்தியை ஒரே மூச்சில் எழுதி அனுப்புகிறவர்கள் குறைவு. வணக்கம் ஒரு மெசேஜ், விஷயம் ஒரு மெசேஜ், விட்டுப்போனது இன்னொரு மெசேஜ் என்று துண்டு துண்டாகவே பலரும் அனுப்புகிறார்கள். எதிர்முனையில் மனிதர் இருந்தால் இதில் சிக்கல் இல்லை. ஆள் இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறார் என்று ஊகித்துப் பொறுத்திருப்பார். சாட்பாட்டுக்கு அந்த ஊகம் இல்லை. ஒவ்வொரு மெசேஜும் அதனிடம் தனித்தனியாக வந்து சேர்கிறது. ஒவ்வொன்றையும் முழுக் கேள்வியாக எடுத்துக்கொண்டால், ஒரே கோரிக்கைக்கு நான்கு பதில்கள் போகும். நான்கும் பொருந்தாதவையாக இருக்கும். இதைத் தவிர்க்கத்தான் நல்ல சாட்பாட்கள் துண்டு மெசேஜ் வந்ததும் சில நொடி பேசாமல் இருக்கின்றன.

அந்தச் சில நொடி ஏன் தேவைப்படுகிறது என்பதை எஸ்எம்எஸ்ஸோடு ஒப்பிட்டால் விளங்கும். தமிழில் ஒரு எஸ்எம்எஸ்ஸில் 70 குறியீடுகள்தான் அடங்கும். அதைவிட நீண்ட செய்தியைக் கைபேசி துண்டுகளாக்கி அனுப்பும். ஒவ்வொரு துண்டின் தலைப்பிலும் மொத்தம் எத்தனை, இது எத்தனையாவது என்று குறித்திருக்கும். பெறும் கைபேசி எண்ணிப் பார்த்து, எல்லாம் வந்த பிறகே ஒட்டிக் காட்டுகிறது. மனிதர் தாமே பிரித்து அனுப்பும் மெசேஜில் அந்த எண் கிடையாது. இன்னும் எத்தனை வரும் என்பது எழுதுகிறவருக்கே தெரியாமல் இருக்கலாம். நேர்ப்பேச்சில் குரலின் இறக்கம் முடிவைக் காட்டிக்கொடுக்கும். எழுத்தில் அதுவும் இல்லை. ஆகவே மென்பொருளுக்குக் கிடைக்கும் முக்கியத் தடயம் மௌனம் ஒன்றே. இத்தனை நொடியாக எதுவும் வரவில்லை, எனவே முடித்திருப்பார் என்று அது பந்தயம் கட்டுகிறது.

ஒரு சேலைக் கடையின் சாட்பாட்டை எடுத்துக்கொள்வோம். வாடிக்கையாளர் ஒருவர் 0ஆம் நொடியில் ‘வணக்கம்’ என்கிறார். 5ஆம் நொடியில் ‘போன வாரம் சேலை வாங்கினேன்’, 10ஆம் நொடியில் ‘கலர் மாறி வந்திருக்கு’, 14ஆம் நொடியில் ‘திருப்பி அனுப்பலாமா’ என்று எழுதுகிறார்.

காத்திருப்பை இரண்டு விதமாக அமைக்கலாம். முதல் மெசேஜிலிருந்து 6 நொடி எண்ணிவிட்டுக் கதவை மூடுவது ஒன்று. அப்படிச் செய்தால் 6ஆம் நொடியில் கையில் இருப்பது வணக்கமும் சேலை வாங்கிய செய்தியும்தான். ‘நன்றி, எங்கள் சேலை பிடித்திருக்கிறதா?’ என்று பதில் போகும். நான்கு நொடி கழித்து வந்து விழுவதோ கலர் மாறிய புகார். இரண்டாவது வழியில், ஒவ்வொரு புதிய மெசேஜும் டைமரை மீண்டும் பூஜ்யத்துக்குத் தள்ளும். மெசேஜ்களுக்கு இடையே உள்ள இடைவெளிகள் 5, 5, 4 நொடிகள் என்பதால் 6 நொடி டைமர் நடுவில் எங்கும் தீர்வதில்லை. கடைசி மெசேஜுக்குப் பின் 20ஆம் நொடியில் தீர்கிறது. அப்போது நான்கும் வரிசையாக ஒன்றுசேர்ந்து ஒரே கேள்வியாகப் போகின்றன. முதல் மெசேஜ் 20 நொடி காத்திருந்தாலும், வாடிக்கையாளர் சும்மா காத்திருந்தது 6 நொடி மட்டுமே. மீதி நேரம் அவர் எழுதிக்கொண்டுதான் இருந்தார்.

இரண்டாவது வழிக்கும் ஓர் ஓட்டை உண்டு. ஐந்து நொடிக்கு ஒன்றாக எழுதிக்கொண்டே போகிறவருக்குப் பதிலே கிடைக்காது. அதனால் முதல் மெசேஜிலிருந்து எண்ணும் உச்சவரம்பு ஒன்றும் கூடவே வேண்டும். 30 நொடி என்று வைத்தால், டைமர் தீராவிட்டாலும் அந்த இடத்தில் கிடைத்ததை வைத்துப் பதில் போய்விடும்.

எத்தனை நொடி காத்திருப்பது என்பதற்கு எல்லாருக்கும் பொருந்தும் ஒரே எண் இல்லை. டைமரை 3 நொடியாகக் குறைத்தால் மேலே சொன்ன நான்கு மெசேஜும் நான்கு பதிலாகச் சிதறும். 15 ஆக்கினால், ஒரே வரியில் தெளிவாகக் கேட்டவரும் வீணாகக் காக்க வேண்டியிருக்கும். வந்த மெசேஜின் உருவத்தைப் பார்த்து நேரத்தைக் கூட்டிக் குறைப்பதே இதற்கு வழி. வெறும் வணக்கம் என்றால் பின்னால் விஷயம் வரப்போகிறது, நேரத்தைக் கூட்டலாம். கேள்வியாக முடிந்தால் குறைக்கலாம். தமிழில் இன்னொரு தடயமும் இருக்கிறது. வினைமுற்று வாக்கியத்தின் கடைசியில் வருவதால், ‘பணம் கட்டிட்டு’, ‘நேத்து வந்தப்ப’, ‘ஆனா’ என்று நிற்கும் மெசேஜ் முடியவில்லை என்பது வெளிப்படை. ‘கட்டிட்டேன்’ என்று முடிந்தால் வாக்கியம் முடிந்தது. கோரிக்கை முடிந்ததா என்பது அப்போதும் தெரியாது. எனவே இலக்கணம் நேரத்தைத் திருத்த உதவும், டைமரை நீக்க உதவாது.

எழுதுகிறார் என்ற செய்தியே கிடைத்தால் வேலை எளிது. நிறுவனம் தன் இணையதளத்தில் தானே அமைத்த சாட் பெட்டியில் விசை அழுத்தப்படுவது தெரியும். அழுத்தம் தொடரும்வரை டைமரை நிறுத்திவைக்கலாம். டெலிகிராமில் பாட் நடத்துகிறவர்களுக்கு அந்தச் செய்தி வருவதில்லை. எதிர்த்திசையில் மட்டும் வசதி உண்டு: பாட் எழுதிக்கொண்டிருப்பதாகப் பயனாளருக்குக் காட்டலாம். டெலிகிராமில் அந்தக் குறி அதிகம் போனால் 5 நொடி நிற்கும். தேவையானால் மறுபடி அனுப்ப வேண்டும். ஆனால் டைமர் ஓடும்போதே அதைக் காட்டினால், பதில் வரப்போகிறது என்று நினைத்துப் பயனாளர் எழுதுவதை நிறுத்திவிடக்கூடும். டைமர் தீர்ந்து, பதில் தயாராகத் தொடங்கிய பிறகு காட்டுவதே பொருத்தம்.

இதே டெலிகிராமில் டைமரைத் தவிர்க்க முடியாத இடம் ஒன்றிருக்கிறது. ஒரே ஆல்பமாக அனுப்பிய படங்கள் பாட்டுக்குத் தனித்தனியாக வருகின்றன. எல்லாவற்றிலும் ஒரே `media_group_id` இருக்கும். மொத்தம் எத்தனை படம் என்பது இருக்காது. சொந்தம் எது என்று தெரிந்தாலும் முடிந்ததா என்று தெரியாத நிலை இது. இங்கே பிரித்தது இயந்திரம் என்பதால் படங்கள் அடுத்தடுத்து வந்துவிடும். சிறிய காத்திருப்பே போதும்.

கட்டமைப்பில் முதலில் கவனிக்க வேண்டியது, காத்திருப்பு நடக்கும் இடம். மெசேஜைக் கொண்டுவரும் தளம், பெற்றுக்கொண்டதாக உடனே ஒப்புகையை எதிர்பார்க்கும். ஒப்புகையை நிறுத்திவைத்துக் காத்திருந்தால், போய்ச் சேரவில்லை என்று கருதி அதே மெசேஜைத் தளம் மறுபடி அனுப்பும். எனவே ஒப்புகையை அப்போதே கொடுத்துவிட்டு, மெசேஜைப் பொதுச் சேமிப்பில் போட்டுவைத்துக் காக்க வேண்டும். அப்படியும் இரட்டிப்பு வரலாம் என்பதால் மெசேஜ் அடையாள எண்ணைப் பார்த்து மறுபிரதியைத் தள்ளிவிட வேண்டும்.

சர்வர்கள் பல இருந்தால், அடுத்தடுத்த இரண்டு மெசேஜ்கள் வெவ்வேறு சர்வருக்குப் போகலாம். ஒன்றின் டைமரை இன்னொன்றால் நிறுத்த முடியாது. நிறுத்த வேண்டிய தேவையில்லாமல் செய்வதே எளிய தீர்வு. ஒவ்வொரு மெசேஜுக்கும் ஒரு வரிசை எண் கொடுத்து, டைமர் தீர்ந்ததும் அந்த எண்தான் இன்னும் கடைசியா என்று பார்த்தால் போதும். ரெடிஸ் சேமிப்பில் 42ஆம் உரையாடலுக்கு அது இப்படி இருக்கும்:

```
RPUSH buf:42 "கலர் மாறி வந்திருக்கு"
INCR seq:42
```

`INCR` திருப்பித் தரும் எண் 3 என்றால், சர்வர் அதை நினைவில் வைத்து 6 நொடி காக்கிறது. பிறகு கேட்கிறது:

```
GET seq:42
```

விடை 3 என்றால் வேறு எதுவும் வரவில்லை; பதிலுக்குப் போகலாம். 4 என்றால் இன்னொரு மெசேஜ் வந்துவிட்டது. பொறுப்பு அதன் டைமருக்குப் போய்விட்டது, இது சும்மா விலகிக்கொள்ளும். சேர்ந்த மெசேஜ்களைப் படிப்பதும் அழிப்பதும் பிரிக்க முடியாத ஒரே செயலாக நடக்க வேண்டும். இல்லாவிட்டால் இரண்டுக்கும் நடுவே வந்து விழும் மெசேஜ் படிக்கப்படாமலே அழிந்துவிடும். வாடிக்கையாளரின் ஒரு வரி மட்டும் காணாமல் போகும் புகாருக்கு இது ஒரு காரணம். டைமர் ஓடும்போது சர்வர் மறுதொடக்கமானால் மெசேஜ் சேமிப்பிலேயே தங்கிவிடும். அப்படி நின்றுபோனவற்றை அவ்வப்போது தேடியெடுக்கத் தனி வேலை ஒன்று ஓட வேண்டும்.

பந்தயம் தோற்கும் தருணங்களும் உண்டு. பதில் தயாராகிக்கொண்டிருக்கும்போதே ‘பணமா திரும்பக் கிடைக்குமா’ என்று ஐந்தாவது மெசேஜ் வருகிறது. அனுப்புவதற்குச் சற்றுமுன் வரிசை எண்ணை மறுபடி பார்த்தால் இது பிடிபடும். பழைய வரைவை எறிந்துவிட்டு, ஐந்தையும் சேர்த்துப் புதிதாகத் தயாரிக்கலாம். ஆனால் வரைவைத்தான் எறிய முடியும். செய்த செயலை எறிய முடியாது. சேலையைத் திரும்ப எடுக்கக் கூரியருக்கு ஏற்கெனவே பதிவு செய்துவிட்டால், புதிதாகத் தொடங்கும்போது இரண்டாவது பதிவும் போகும். ஆகவே விளைவு உள்ள செயல்கள் எல்லாம் அந்தக் கடைசிச் சோதனைக்குப் பின்னரே நடக்க வேண்டும். ‘வேண்டாம், ரத்து செய்யுங்கள்’ என்பது போன்ற சொற்களுக்கும் பொத்தான் அழுத்தங்களுக்கும் காத்திருப்பே கூடாது. அவை தம்மளவில் முழுமையானவை.

டைமர் சரியாக இருக்கிறதா என்பதை உரையாடல் பதிவுகளே சொல்லும். பதில் போன இரண்டு நொடிக்குள் பயனாளரிடமிருந்து நீண்ட மெசேஜ் வந்தால், அது பதிலைப் படித்துவிட்டு எழுதியதாக இருக்க முடியாது. முன்பே எழுதத் தொடங்கியது அது. சாட்பாட் குறுக்கே பேசிவிட்டது. இப்படிப்பட்டவை பெருகினால் காத்திருப்பு போதவில்லை. அதே வேளையில், டைமர் தீரும்போது பெரும்பாலும் ஒரே மெசேஜ்தான் கையில் இருக்கிறது, குறுக்கீடும் அரிது என்றால் நேரத்தைக் குறைத்துப் பார்க்கலாம். இடைவெளிகளை அளக்கும்போது ஒன்றை மறக்கக்கூடாது: சாட்பாட் அவசரப்பட்டு நுழைந்த உரையாடல்களில் மனிதர் திகைத்து நின்றிருப்பார்; அங்கே கிடைக்கும் இடைவெளி அவருடைய இயல்பான வேகம் அல்ல. கடை ஊழியர்கள் நேரடியாகப் பதில் எழுதிய பழைய உரையாடல்கள் இருந்தால், டைமருக்கான எண்ணை அங்கிருந்து எடுப்பதே நம்பகமானது.

(தொடரும்)