எப்போது தெரிந்தது, எப்போது சொன்னீர்கள்?

ப்ராஜெக்ட் மேனேஜர் வேலைக்கான நேர்காணலில் நான்கு கேள்விகள் அநேகமாக வந்துவிடும். முன்கூட்டியே கண்டுகொண்ட ஒரு ரிஸ்க்கைப் பற்றிச் சொல்லுங்கள். முக்கியமான இரண்டு பேர் மோதிக்கொண்டபோது என்ன செய்தீர்கள்? வேலை பாதியில் இருக்கும்போது வாடிக்கையாளர் புதிதாக ஒன்றைக் கேட்டால்? சொன்ன தேதியில் முடிக்க முடியாமல் போன ஒரு ப்ராஜெக்ட் எது?

பல வருட அனுபவம் உள்ளவர்களும் இங்கே தடுமாறுவதுண்டு. காரணம், நான்கையும் நான்கு தனிக் கேள்விகளாக எடுத்துக்கொண்டு பாடப்புத்தக வரையறைகளை ஒப்பிப்பது. எதிரே இருப்பவர்கள் அறிய விரும்புவது ஒன்றைத்தான்: கெட்ட செய்தி இவருக்கு எப்போது தெரிந்தது, தெரிந்தபின் எத்தனை நாளில், யாரிடம், எந்தக் கணக்கோடு சொன்னார்? நான்கு கேள்விகளும் இந்த ஒன்றுக்குள் அடங்கிவிடும்.

இதை ஓர் உதாரணத்தில் பார்க்கலாம். ஒரு தனியார் மருத்துவமனை, பழைய பில்லிங் மென்பொருளை மாற்றிப் புதியதைக் கொண்டுவருகிறது என்று வைத்துக்கொள்வோம். காலம் 20 வாரம். புதிய நிதியாண்டு தொடங்கும் ஏப்ரல் 1 அன்று புதிய மென்பொருள் ஓட வேண்டும். நேர்காணலுக்கு வந்திருப்பவர் அந்த வேலையை நடத்தியவர்.

ரிஸ்க்: ஒரு வாக்கியத்தில் மூன்று பகுதி

“என்ன ரிஸ்க் இருந்தது?” என்றால், “டேட்டா மைக்ரேஷன் ரிஸ்க் இருந்தது மேடம்” என்று பலர் சொல்வார்கள். அது ரிஸ்க்கே அல்ல, ஒரு வேலையின் பெயர். ரிஸ்க்கைச் சொல்லும்போது காரணம், நடக்கக்கூடியது, விளைவு ஆகிய மூன்றும் வர வேண்டும். “பழைய மென்பொருளில் ஒரே நோயாளிக்கு இரண்டு எண்கள் இருந்தன. அதனால் தரவை மாற்றும்போது பாக்கித் தொகை தவறான ஆளின் பெயரில் ஏறலாம். ஏறினால் ஏப்ரல் 1 தேதி தள்ளிப்போகும்.” இப்படிச் சொல்பவர் அந்த வேலைக்குள் இருந்தவர் என்பது கேட்பவருக்குப் புரிந்துவிடும்.

அடுத்து வருவது, “அதற்கு என்ன செய்தீர்கள்?” நல்ல பதிலில் ஓர் எண்ணும் ஒரு பெயரும் இருக்கும். கடைசியில் செய்யவேண்டிய சோதனை மாற்றத்தை ஆறாவது வாரத்துக்கே கொண்டுவந்தேன். 5,000 பதிவுகளை எடுத்து மாற்றிப் பார்த்தோம். 100-க்கு மேல் பொருந்தாவிட்டால் உடனே திருத்தும் பணியைத் தொடங்குவது என்று முன்பே பேசிவைத்திருந்தோம். 300 பொருந்தவில்லை. மொத்தப் பதிவுகள் 1,20,000. அதே விகிதத்தில் 7,200 பதிவுகளைக் கையால் சரிபார்க்க வேண்டும். இதற்குப் பொறுப்பு மருத்துவப் பதிவேட்டு அலுவலர். அவருடைய ஊழியர் இருவர், ஒருவர் நாளைக்கு 60 பதிவு வீதம் பார்த்தால் 60 வேலைநாள். வாரத்துக்கு ஆறு நாள் வேலை என்றால் ஏழாவது வாரம் தொடங்கிப் பதினாறாவது வாரம் முடியும். அதன்பின் சோதனைக்கும் பயிற்சிக்கும் நான்கு வாரம் மிஞ்சும்.

இந்தப் பதிலில் கவனிக்க வேண்டியது அந்த 100 என்ற எல்லைக்கோடு. ரிஸ்க் ரிஜிஸ்டரில் எழுதிவைத்து மறந்துவிடுவது சுலபம். எந்த அறிகுறி தென்பட்டால் அது இனி ரிஸ்க் அல்ல, நடந்தேவிட்ட பிரச்சினை என்பதை முன்பே தீர்மானித்திருந்தால்தான் தாமதமின்றிச் செயல்பட முடியும்.

மோதல்: இருவரும் எதற்குப் பயந்தார்கள்?

கணக்குப் பிரிவுத் தலைவர், எந்தப் பரிசோதனையும் பணம் கட்டிய பிறகே நடக்கும்படி மென்பொருள் தடுக்க வேண்டும் என்கிறார். அவசர சிகிச்சைப் பிரிவின் தலைமை மருத்துவர், அப்படிச் செய்தால் இந்த மென்பொருளைத் தன் பிரிவுக்குள் விடவே மாட்டேன் என்கிறார். கூட்டத்தில் குரல் உயர்கிறது.

“இருவரையும் உட்காரவைத்துப் பேசி சமாதானப்படுத்தினேன்” என்பது நேர்காணலில் எடுபடாத பதில். எப்படி என்பது அதில் இல்லை. எடுபடும் பதில், கூட்டத்தை அங்கேயே நிறுத்தி ஒவ்வொருவரையும் தனியாகச் சந்தித்ததிலிருந்து தொடங்கும். கணக்குப் பிரிவின் பயம், பரிசோதனைக்குப் பணம் வராமலே நோயாளி டிஸ்சார்ஜ் ஆகிவிடுவது. மருத்துவரின் பயம், ரத்தப் பரிசோதனை சில நிமிடம் தாமதித்தாலும் உயிருக்கு ஆபத்து. இருவரும் கேட்டது ஒன்றுக்கொன்று எதிரானது. பயந்ததோ இரண்டு வெவ்வேறு நேரங்களில் நடப்பதற்கு: ஒன்று நோயாளி உள்ளே வரும்போது, மற்றது வெளியே போகும்போது.

அதைப் பார்த்தவுடன் வழி தெரிகிறது. அவசரப் பிரிவில் பரிசோதனை உடனே நடக்கட்டும். பணம் வரவில்லை என்ற குறி பில்லில் விழட்டும். அந்தக் குறி நீங்காமல் டிஸ்சார்ஜ் பில்லை மூட முடியாதபடி மென்பொருள் தடுக்கட்டும். இதை ஒரு பக்கத்தில் எழுதி, வேலைக்குப் பணம் ஒதுக்கி முடிவெடுக்கும் ஸ்பான்சரிடம், அதாவது மருத்துவமனை நிர்வாக இயக்குநரிடம் ஒப்புதல் வாங்கி, இருவருக்கும் அன்றே அனுப்ப வேண்டும்.

எல்லா மோதலும் இப்படி முடிந்துவிடாது. இருவர் பயமும் ஒரே இடத்தில் முட்டிக்கொண்டால் ஒருவர் தோற்றே ஆக வேண்டும். அப்போது மேனேஜர் தானே தீர்ப்பு சொல்லாமல், இரு வழிகளின் செலவையும் ஸ்பான்சர் முன் வைத்து முடிவு கேட்க வேண்டும். அப்படி ஒரு முடிவுக்காக மேலே போனதைச் சொல்லத் தயங்க வேண்டாம். எவ்வளவு சீக்கிரம் போனீர்கள் என்பதுதான் கேள்வி.

ஸ்கோப் மாற்றம்: 40 நாள் வேலை 8 நாள் ஆகாது

ஒன்பதாவது வாரம். காப்பீட்டு நிறுவனத்துக்கு முன்அனுமதி கேட்டு அனுப்பும் வசதியும் ஏப்ரல் 1-க்கே வேண்டும் என்கிறார் இயக்குநர். “ஒப்பந்தத்தில் இல்லை” என்று மறுப்பதும் தவறு, “செய்துவிடலாம் சார்” என்று தலையாட்டுவதும் தவறு. “இரண்டு நாளில் கணக்கோடு வருகிறேன்” என்பதே சரியான முதல் பதில்.

கணக்கு எப்படி? குழுவில் ஐந்து பேர், வேலை 40 ஆள்நாள். வகுத்தால் எட்டு நாள் என்று தோன்றும். ஆனால் அந்த வேலை தெரிந்தவர்கள் இருவர்தான். எனவே 20 வேலைநாள். அந்த இருவரும் ஏற்கெனவே செய்துகொண்டிருக்கும் வேலை அத்தனை நாளும் நிற்கும். இந்த வகுத்தல் தவறைப் பற்றி ஐ.பி.எம். நிறுவனத்தில் பணியாற்றிய ஃப்ரெட் புரூக்ஸ் 1975-இல் ஒரு புத்தகமே எழுதினார். தாமதமான மென்பொருள் வேலையில் ஆட்களைக் கூட்டினால் அது மேலும் தாமதமாகும் என்பது அவர் கண்ட விதி. புதியவருக்குக் கற்றுக்கொடுப்பதும், கூடுதல் ஆட்கள் ஒருவரோடொருவர் பேசிக்கொள்வதுமே நேரத்தைத் தின்றுவிடும்.

ஆக இயக்குநர் முன் மூன்று வழிகள்: தேதியைத் தள்ளுவது, மருந்தகத்துக்குக் கேட்டிருந்த அறிக்கைகளை விட்டுவிட்டு இதைச் செய்வது, ஏப்ரலுக்குப் பின் இரண்டாம் கட்டமாகச் செய்வது. மூன்றுக்கும் நாளும் பணமும் எழுதியிருக்கும். அவர் மூன்றாவதைத் தேர்கிறார், சேஞ்ச் ரிக்வெஸ்டில் கையெழுத்திடுகிறார். நேர்காணலில் இதைச் சொல்லும்போது, தேர்ந்தவர் அவர், கணக்கைத் தந்தவர் நான் என்ற வேறுபாடு தெளிவாக வர வேண்டும்.

டெட்லைன்: தேதி தவறுவதற்கு பத்து வாரம் முன்பு

கடைசிக் கேள்விதான் கடினம். “நான் ஒரு டெட்லைனையும் தவறவிட்டதில்லை” என்பவரை யாரும் நம்புவதில்லை. உரையாடல் இப்படிப் போகலாம்:

“தேதி தவறினது ஏன்?”

“மருத்துவமனைத் தரப்புல ஒரு ஊழியரைத் திரும்ப எடுத்துக்கிட்டாங்க மேடம்.”

“எப்போ?”

“பதினோராவது வாரம்.”

“அப்பவே தேதி தவறும்னு தெரிஞ்சதா?”

இந்த மூன்றாம் கேள்விக்குத்தான் முழு நேர்காணலும் காத்திருக்கிறது. விடை அவரிடமே இருக்கிறது. முதல் நான்கு வாரத்தில், 24 வேலைநாளில், இருவரும் 2,880 பதிவுகளை முடித்தார்கள். மீதி 4,320. இனி ஒருவர்தான், நாளைக்கு 60. இன்னும் 72 வேலைநாள், அதாவது பன்னிரண்டு வாரம். பதினோராவது வாரத்தில் தொடங்கினால் இருபத்திரண்டாவது வாரம் முடியும். அதன்பின் சோதனைக்கு நான்கு வாரம். ஆக, ஆறு வாரத் தாமதம் அன்றைக்கே உறுதி. இதற்கு ஒரு காகிதமும் ஐந்து நிமிடமும் போதும்.

பலர் அந்தக் காகிதத்தை எடுப்பதில்லை. எப்படியாவது சரியாகிவிடும் என்று வாராந்தர அறிக்கையில் பச்சை நிறத்தையே போட்டுவிட்டு, பத்தொன்பதாவது வாரத்தில் சிவப்பாக மாற்றுவார்கள். அப்போது இயக்குநரின் கையில் எந்த வழியும் மிஞ்சாது. பதினோராவது வாரத்திலோ வழிகள் இருந்தன. வெளிநோயாளிகள் அன்றன்றே பணம் கட்டிவிடுகிறார்கள். பழைய பாக்கி அவர்களுக்குப் பெரிய சிக்கலில்லை. எனவே வெளிநோயாளிப் பிரிவை மட்டும் ஏப்ரல் 1-க்குத் திறந்து, உள்நோயாளிப் பிரிவை மே நடுவில் திறக்கலாம். அதுவரை உள்நோயாளிக் கணக்கு பழைய மென்பொருளிலேயே ஓடும். இரண்டு மென்பொருளின் கணக்கையும் கணக்குப் பிரிவு தினமும் ஒத்துப்பார்க்க வேண்டியிருக்கும். அந்தக் கஷ்டத்தையும் மறைக்காமல் சொல்லியே ஒப்புதல் வாங்க வேண்டும்.

நல்ல பதில் நான்கு வரிதான்: “உள்நோயாளிப் பிரிவுக்கு ஆறு வாரம் தவறியது. பதினோராவது வாரத் திங்கட்கிழமை எனக்குத் தெரிந்தது, அன்றே இயக்குநரிடம் சொன்னேன். புதிய தேதியைக் காப்பாற்றினோம். ஒரு ஊழியர் விலகினால் என்ன ஆகும் என்பதை நான் ரிஸ்க்காக எழுதியிருக்கவில்லை, இப்போது எழுதுகிறேன்.” யார் மீதும் பழி இல்லை, மழுப்பலும் இல்லை.

நேர்காணலுக்குப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். நான்கு கேள்விக்கு நான்கு கதைகளைத் தயார் செய்யாதீர்கள். நீங்கள் நடத்திய ஒரே ஒரு ப்ராஜெக்டை எடுத்து, வாரவாரியாக என்ன தெரிந்தது, யாரிடம் சொன்னீர்கள், என்ன முடிவானது என்று ஒரு பக்கத்தில் எழுதுங்கள். வாடிக்கையாளர் பெயரை விட்டுவிடுங்கள், அது வெளியே சொல்லக்கூடியதல்ல. “நாங்கள்” என்று வரும் இடங்களில் நீங்கள் செய்ததைப் பிரித்து “நான்” என்று மாற்றுங்கள். தெரிந்த நாளுக்கும் சொன்ன நாளுக்கும் இடையே பெரிய இடைவெளி இருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். கேள்வி கேட்பவர் இரண்டாவது கேள்வியிலேயே அதைக் கண்டுபிடித்துவிடுவார். முதலில் நீங்கள் சொல்வதே நல்லது.