லேசர் அளவுகோலும் காற்றின் கணக்கும்

சி.என்.சி. எந்திரத்தின் திரையில் X 800.000 என்று எண் தெரியும்போது, மேசை உண்மையிலேயே 800 மில்லிமீட்டர் நகர்ந்ததா என்பதைச் சோதிக்க லேசர் இன்டர்ஃபெரோமீட்டர் பயன்படுகிறது. பெரும்பாலான எந்திரங்கள் மோட்டாரின் சுழற்சியையும் பால் ஸ்க்ரூவின் புரி இடைவெளியையும் வைத்தே தங்கள் நகர்வைக் கணக்கிடுகின்றன. புரியில் சிறு பிசகு இருந்தாலும், ஸ்க்ரூ தேய்ந்தாலும், சூடாகி நீண்டாலும் திரையில் உள்ள எண் மாறாது. வெட்டப்படும் பொருளின் அளவுதான் மாறும். ஆகவே எந்திரத்தின் கணக்கைச் சாராமல், வெளியிலிருந்து வரும் இன்னொரு அளவுகோல் தேவைப்படுகிறது. அந்த அளவுகோல் ஒளி அலை.

சோதனையில் லேசர் தலை ஒரு முக்காலியின் மேல் எந்திரத்துக்கு வெளியே நிற்கும். அதிலிருந்து வரும் கதிர், ஸ்பிண்டிலில் பொருத்திய ஒளிபிரிப்பானில் இரண்டாகப் பிரியும். ஒரு பாதி அருகிலேயே நிலையாக உள்ள பிரதிபலிப்பானில் பட்டுத் திரும்பும். மறு பாதி, மேசையோடு சேர்ந்து நகரும் பிரதிபலிப்பான்வரை போய்த் திரும்பும். திரும்பிய இரண்டும் ஒன்றுசேரும்போது, அலைமுகடுகள் பொருந்தினால் வெளிச்சமும் முகடும் பள்ளமும் பொருந்தினால் இருளும் உண்டாகும். மேசை அரை அலைநீளம் நகரும்போதெல்லாம் ஒரு முழு வெளிச்ச–இருள் சுற்று முடியும். ஹீலியம்–நியான் லேசரின் சிவப்பு ஒளிக்கு அலைநீளம் 0.633 மைக்ரான், அதில் பாதி ஏறத்தாழ 0.316 மைக்ரான். மேசை 800 மி.மீ. நகர்ந்தால் இத்தகைய சுற்றுகள் 25 லட்சத்துக்கு மேல் எண்ணப்படும். ஒவ்வொரு சுற்றையும் மின்னணுச் சுற்றமைப்பு மேலும் நுண்ணிய பகுதிகளாகப் பிரித்துக்கொள்ளும்.

எண்ணிக்கையில் தவறு வருவது அரிது. எண்ணிக்கையை நீளமாக மாற்றும்போதுதான் சிக்கல் வருகிறது. வெற்றிடத்தில் அந்த ஒளியின் அலைநீளம் மிக உறுதியானது. ஆனால் பட்டறையில் கதிர் காற்றின் ஊடாகச் செல்கிறது. காற்றில் ஒளி சற்று மெதுவாகச் செல்வதால் அலைநீளமும் சற்றுக் குறுகுகிறது. 20 பாகை செல்சியஸ் வெப்பநிலையும் 1,013 ஹெக்டோபாஸ்கல் அழுத்தமும் உள்ள காற்றின் ஒளிவிலகல் எண் சுமார் 1.00027. அதாவது, மீட்டருக்கு 270 மைக்ரான் அளவுக்கு அலை குறுகியிருக்கும். காற்றின் அடர்த்தி மாறினால் இந்தக் குறுக்கமும் மாறும். காற்று சூடானாலும் அழுத்தம் குறைந்தாலும் அடர்த்தி குறைந்து அலைநீளம் கூடும். குளிர்ந்தாலும் அழுத்தம் ஏறினாலும் அலைநீளம் குறையும்.

மாற்றத்தின் அளவை நினைவில் வைத்துக்கொள்வது எளிது. காற்றின் வெப்பநிலை ஒரு பாகை மாறினால் மீட்டருக்கு ஏறத்தாழ ஒரு மைக்ரான் பிழை வரும். அழுத்தம் ஏறத்தாழ 3.7 ஹெக்டோபாஸ்கல் மாறினாலும் அதே ஒரு மைக்ரான். ஈரப்பதத்தின் பங்கு மிகச் சிறிது. சாதாரண வெப்பநிலையில் 50 விழுக்காடு மாறினால்தான் அரை மைக்ரான் அளவுக்கு வரும். இந்த மூன்றையும் உணரிகளால் அளந்து ஒளிவிலகல் எண்ணைக் கணக்கிடும் சூத்திரத்தை எட்லென் 1966இல் செம்மைப்படுத்தி வெளியிட்டார். பின்னர் பிர்ச், டவுன்ஸ் இருவரும் 1990களில் அதைத் திருத்தினர். இன்றைய லேசர் கருவிகளோடு வரும் வானிலை ஈடுசெய் அலகு இத்தகைய சூத்திரத்தைக் கொண்டே சில விநாடிகளுக்கு ஒருமுறை அலைநீளத்தைத் திருத்துகிறது.

கோயம்புத்தூர்ப் பட்டறை ஒன்றில் 800 மி.மீ. நகர்வுள்ள செங்குத்து மெஷினிங் சென்டரை எடுத்துக்கொள்ளலாம். நகரம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 400 மீட்டர் உயரத்தில் இருப்பதால் அங்குள்ள உண்மையான காற்றழுத்தம் 965 ஹெக்டோபாஸ்கல் அளவில் இருக்கும். பட்டறைக் காற்று 30 பாகை, ஈரப்பதம் 50 விழுக்காடு என்று கொள்வோம். இந்தக் காற்றின் ஒளிவிலகல் எண் சுமார் 1.0002495. திட்ட நிலைக் காற்றுக்கு அது 1.0002714. வேறுபாடு மீட்டருக்கு 22 மைக்ரான். ஈடுசெய் அலகை இணைக்காமல், மென்பொருளைத் திட்ட நிலையிலேயே விட்டுவிட்டால், மேசை சரியாக 800 மி.மீ. நகர்ந்திருந்தாலும் லேசர் 799.9825 என்றுதான் காட்டும். இல்லாத 17.5 மைக்ரான் பிழை எந்திரத்தின் தலையில் ஏறும். இதில் 10 மைக்ரானுக்குச் சற்று மேல் அழுத்தத்தால் வந்தது. ஏறத்தாழ 7 மைக்ரான் வெப்பநிலையால் வந்தது. ஈரப்பதத்தின் பங்கு அரை மைக்ரானுக்கும் குறைவு.

இங்கேதான் அடிக்கடி நேரும் ஒரு தவறு உள்ளது. அழுத்த உணரி பழுதாகும்போது, வானிலை அறிக்கையில் வரும் அழுத்தத்தைக் கையால் உள்ளிட்டுவிடுவார்கள். வானிலை அறிக்கையின் எண் கடல்மட்டத்துக்கு மாற்றிக் கணக்கிட்டது. கோயம்புத்தூருக்கு அது 1,010 அளவில் இருக்கும். பட்டறையில் இருப்பதோ 965. இந்த 45 ஹெக்டோபாஸ்கல் வேறுபாட்டால் 800 மி.மீ. நகர்வில் 9 மைக்ரானுக்கு மேல் பிழை புகும். சென்னையில் இதே தவறு நடந்தால் யாருக்கும் தெரியாது, ஏனெனில் அங்கே இரண்டு எண்களும் ஏறக்குறைய ஒன்று. சுமார் 900 மீட்டர் உயரத்தில் உள்ள பெங்களூருவில் பிழை கோயம்புத்தூரில் வருவதைப்போல் இரு மடங்குக்கு மேல் ஆகிவிடும். தேவைப்படுவது அந்த இடத்தில் நிலவும் நேரடி அழுத்தம் மட்டுமே.

அழுத்த உணரியைக் கட்டடத்துக்குள் எங்கே வைத்தாலும் பெரிய வேறுபாடு இல்லை. எட்டு மீட்டர் உயரத்துக்குத்தான் ஒரு ஹெக்டோபாஸ்கல் மாறும். காற்று வெப்ப உணரி அப்படியல்ல. அது கதிரின் பாதையை ஒட்டி இருக்கவேண்டும். லேசர் தலையின் மேலோ மோட்டாரின் பக்கத்திலோ வைத்தால் அது அங்குள்ள சூட்டைத்தான் சொல்லும். மின்விசிறிக் காற்றும் குளிரூட்டியின் வீச்சும் கதிரின் குறுக்கே பட்டால் சூடும் குளிரும் கலந்து எண் நிலைகொள்ளாமல் துடிக்கும்.

காற்றைவிடப் பெரிய பிழையைத் தருவது உலோகத்தின் வெப்பநிலை. நீளங்களுக்கான பொது ஒப்பு வெப்பநிலை 20 பாகை. எஃகு ஒவ்வொரு பாகைக்கும் மீட்டருக்குச் சுமார் 11.7 மைக்ரான் நீளும். மேற்சொன்ன எந்திரத்தின் பால் ஸ்க்ரூவும் 30 பாகையில் இருந்தால், 800 மி.மீ. நீளத்தில் அது 94 மைக்ரான் நீண்டிருக்கும். மேசையும் அவ்வளவு கூடுதலாக நகரும். லேசர் மென்பொருள் உலோக உணரியின் வெப்பநிலையையும் விரிவுக் குணகத்தையும் கொண்டு இந்த நீட்சியைக் கழித்து, 20 பாகையில் எந்திரம் எப்படி நகரும் என்று காட்டும். உலோக உணரி ஒரு பாகை தவறினாலே முடிவில் 9 மைக்ரான் தவறும். ஸ்க்ரூ உள்ளே மறைந்திருப்பதால் உணரியை மேசையின் திண்ணமான வார்ப்புப் பகுதியில் ஒட்டவைப்பது வழக்கம். ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் ஸ்க்ரூ மேசையைவிடச் சூடாக இருக்கக்கூடும் என்பதை மறக்கக்கூடாது. குணகமும் எந்திரத்துக்கு எந்திரம் மாறும். கண்ணாடி அளவுகோல் வைத்த எந்திரத்துக்கு எஃகின் குணகத்தை உள்ளிட்டால், கண்ணாடி குறைவாகவே நீளும் என்பதால் தேவைக்கு அதிகமாகக் கழிக்கப்படும்.

சோதனை ஓட்டத்தை ஐ.எஸ்.ஓ. 230-2 என்ற தரவிதி வரையறுக்கிறது. இரண்டு மீட்டர்வரையிலான அச்சில் மீட்டருக்குக் குறைந்தது ஐந்து இலக்குப் புள்ளிகள் வேண்டும். அவை முற்றிலும் சம இடைவெளியில் இருக்கக்கூடாது. சமமாக இருந்தால் ஸ்க்ரூவின் ஒவ்வொரு சுற்றிலும் திரும்பத் திரும்ப வரும் பிழை கண்ணில் படாமலே போகலாம். ஒவ்வொரு புள்ளியையும் இரு திசைகளிலிருந்தும் ஐந்து ஐந்து முறை அணுகி, நின்று, அளக்கவேண்டும். அளவை பூஜ்யமாக்கும் இடத்தில் ஒளிபிரிப்பானும் நகரும் பிரதிபலிப்பானும் நெருக்கமாக இருக்கவேண்டும். இடையில் அரை மீட்டர் வெற்றுப் பாதை விட்டால், காற்று ஒரு பாகை சூடானவுடன் பூஜ்யமே அரை மைக்ரான் நகர்ந்துவிடும்.

கிடைத்த வரைபடத்தில் ஒவ்வொரு கோளாறுக்கும் தனி வடிவம் உண்டு. போகும் கோடும் திரும்பும் கோடும் ஒரே இடைவெளியில் இணையாக ஓடினால் அது பேக்லாஷ். ஐந்து ஓட்டங்களும் ஒன்றன்பின் ஒன்றாக விசிறிபோல் விரிந்தால், ஸ்க்ரூ ஓட ஓடச் சூடேறுகிறது என்று பொருள். எந்திரத்தை நன்கு ஓட்டிச் சூடு நிலைத்தபின் மறுபடியும் சோதிக்கவேண்டும். எல்லாக் கோடுகளும் ஒன்றின்மேல் ஒன்றாகப் படிந்து ஒரே நேர்சரிவாக இறங்கினால் மட்டும் உடனே தீர்ப்புச் சொல்லக்கூடாது. புரி இடைவெளிப் பிழையும் இதே சரிவைத் தரும். தவறான காற்றழுத்தமும், தவறான உலோக வெப்பநிலையும், கதிரின் கோணலும் இதே சரிவைத்தான் தரும்.

கோணலின் பிழை எப்போதும் ஒரே பக்கம் சாயும்: நகர்வுக் கோட்டுக்குக் கதிர் சாய்ந்திருந்தால் லேசர் குறைவாகவே காட்டும். மீட்டருக்கு ஒரு மி.மீ. சாய்வு அரை மைக்ரானைத்தான் விழுங்கும், ஐந்து மி.மீ. சாய்வோ பன்னிரண்டு மைக்ரானுக்கு மேல் விழுங்கிவிடும். ஆகவே நேர்சரிவு தென்பட்டால், முதலில் மேசையை முனையிலிருந்து முனைவரை நகர்த்தி ஒளிப்புள்ளி இடம் மாறுகிறதா என்று பார்க்கவேண்டும். அடுத்து, திரையில் உள்ள அழுத்தத்தை அங்கேயே வைத்த வேறொரு அழுத்தமானியோடு ஒப்பிடவேண்டும். பிறகு உலோக உணரியை இடம் மாற்றி ஒட்டி, சில நிமிடங்கள் பொறுத்து எண்ணைப் பார்க்கவேண்டும். மூன்றும் சரியாக இருந்தபின்னரே சரிவை எந்திரத்தின் பிழை எனக் கொள்ளலாம்.

இந்த வரிசை முக்கியமாவதற்குக் காரணம், சோதனைக்குப் பிறகு செய்யப்படும் திருத்தம். கிடைத்த பிழைகள் எந்திரக் கட்டுப்பாட்டின் புரிப்பிழைத் திருத்த அட்டவணையில் ஏற்றப்படுகின்றன. கடல்மட்ட அழுத்தத்தை உள்ளிட்டுக் கிடைத்த 9 மைக்ரான் குறைவை அட்டவணையில் ஏற்றினால், சரியாக இருந்த எந்திரம் அன்றுமுதல் 800 மில்லிமீட்டருக்கு 9 மைக்ரான் அதிகமாக நகரும். அதே உணரிகளோடும் அதே தவறான எண்ணோடும் மறுசோதனை செய்தால் வரைபடம் பிழையே இல்லாததுபோல் தெரியும். தவறு பாகங்களை வாங்கியவரின் அளவீட்டு அறையில்தான் வெளிப்படும். அதனால் நல்ல சோதனை அறிக்கையில் பிழை வரைபடத்தோடு காற்றின் வெப்பநிலை, நேரடி அழுத்தம், ஈரப்பதம், உலோக வெப்பநிலை, பயன்படுத்திய விரிவுக் குணகம் ஆகிய ஐந்தும் பதிவாகியிருக்கவேண்டும். இவை இல்லாத அறிக்கையை நம்பி எந்திரத்தின் திருத்த அட்டவணையைத் தொடக்கூடாது.