18,000 ரூபாய் எங்கே போனது?

ரூ.19,260 கட்டச் சொல்லி வருமான வரித்துறை பெயரில் மின்னஞ்சல். ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர் அதிலிருந்த இணைப்பைத் தொடவில்லை. போலிகளும் இப்படித்தான் வருகின்றன. துறையின் தளத்துக்கே போய் அறிவிப்பின் எண்ணைச் சரிபார்த்தார். அசல்தான்.

தான் தாக்கல் செய்த கணக்கையும் 26ஏஎஸ் படிவத்தையும் ஒப்பிட்டார். வைப்புத்தொகை வட்டியில் வங்கி பிடித்த 18,000 ரூபாய் படிவத்தில் இல்லை. வங்கி அதை வேறொருவரின் பான் எண்ணில் செலுத்தியிருந்தது.

"கட்டிட்டு நிம்மதியா இருங்கம்மா" என்றான் மகன்.

"பிடிச்ச பணத்தை மறுபடி எதுக்குடா கட்டணும்?"

30 நாளுக்குள், பாக்கியை ஏற்கவில்லை என்று தளத்தில் பதில் பதிந்தார். வங்கி தன் டிடிஎஸ் அறிக்கையைத் திருத்தி, 26ஏஎஸ்-இல் தொகை ஏறிய பிறகே திருத்த மனு போட்டார். முந்தினால் பழைய பாக்கியே திரும்ப வந்திருக்கும். இம்முறை பாக்கி பூஜ்யம்.