வகுப்பு நோட்டிலிருந்து கேஸ் ஃபைலுக்கு

“நோயாளிக்கு விழிப்புணர்வு இல்லை. பொறுப்பற்றவர். குடிப்பழக்கம் இருக்கலாம். அறிவுரை வழங்கப்பட்டது.”

சமூகப்பணி மாணவர்களின் களப்பணிப் பதிவேட்டைப் புரட்டினால் இந்தச் சாயலில் வரிகள் தென்படும். எழுதிய மாணவரிடம் ஃபீலிக்ஸ் பியஸ்டெக் 1957-இல் வகுத்த ஏழு கோட்பாடுகளைக் கேட்டால் மூச்சுவிடாமல் ஒப்பித்துவிடுவார்: ஒவ்வொருவரையும் தனி மனிதராகப் பார்ப்பது, தீர்ப்புச் சொல்லாமல் இருப்பது, முடிவெடுக்கும் உரிமையை அவரிடமே விடுவது, இரகசியம் காப்பது என்று வரிசையாக வரும். ஆனால் அந்தக் கோட்பாடு ஒவ்வொன்றும் தாளில் எந்தக் கட்டத்தில் உட்கார வேண்டும் என்பதை யாரும் அவருக்குக் காட்டியிருக்க மாட்டார்கள்.

தனிநபர் சமூகப்பணி, மாணவர் பேச்சில் ‘கேஸ் வொர்க்’, ஒரு மனிதரோடு உட்கார்ந்து அவர் சிக்கலை அவரோடு சேர்ந்தே அவிழ்க்கும் வேலை. விரிவுரையைப் பதிவுப் படிவமாக மாற்ற எளிய வழி ஒன்று உண்டு. ஒவ்வொரு கோட்பாட்டையும் ஒரு கேள்வியாக்கி, அதற்குப் பதில் எழுத ஒரு கட்டம் போட்டுவிடுவது.

மேரி ரிச்மண்ட் 1917-இல் வெளியிட்ட ‘சோஷியல் டயக்னோசிஸ்’ நூலின் முதல் பகுதி முழுக்கச் சான்றுகளைப் பற்றியது. கிடைத்த சான்று வேறு, அதிலிருந்து நாம் ஊகித்தது வேறு என்று அவர் அன்றே வலியுறுத்தினார். இதைக் கட்டமாக்கினால் மூன்று பத்திகள் வரும்: சொன்னது, பார்த்தது, பணியாளர் நினைத்தது. ‘சொன்னது’ பத்தியில் யார் சொன்னார் என்பதும் இருக்க வேண்டும். ‘குடிப்பழக்கம் இருக்கலாம்’ என்பது செவிலியர் சொன்னதா, மனைவி சொன்னதா, மாணவரின் ஊகமா? மூன்றுக்கும் எடை வேறு. யாரும் சொல்லவில்லை, எதுவும் பார்க்கவில்லை என்றால் அந்த வரிக்குப் பதிவேட்டில் இடமே இல்லை.

முடிவெடுக்கும் உரிமைக்கு ‘முடிவு யாருடையது?’ என்ற கட்டம். பணியாளர் சொன்ன யோசனையை அவர் மறுத்தால் அதையும் அங்கே எழுத வேண்டும். தனி மனிதராகப் பார்ப்பதற்கு, முகப்புத்தாளில் வந்த காரணத்தை இரண்டு முறை எழுதும் ஏற்பாடு: அனுப்பியவர் சொன்னபடி ஒன்று, வந்தவர் சொன்னபடி ஒன்று. பல வழக்குகளில் இரண்டும் ஒத்துப்போவதில்லை. அந்த இடைவெளியில்தான் வேலை தொடங்குகிறது. இரகசியத்துக்கு, சந்திப்புத் தாள்களில் எண் மட்டும் இருக்கும். பெயரும் முகவரியும் தனித்தாளில் பூட்டி வைக்கப்படும். இரகசியத்துக்கு எல்லை உண்டு என்பதையும் வந்தவருக்கு முதல் நாளே சொல்ல வேண்டும். குழந்தைக்குப் பாலியல் கொடுமை நடந்தது தெரியவந்தால், 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி தகவல் கொடுத்தே ஆக வேண்டும். ‘எல்லை விளக்கப்பட்டதா?’ என்ற சிறு கட்டம் அதற்காக.

இனி இந்தப் படிவத்தை நிரப்பிப் பார்க்கலாம். கீழே வருபவர் பயிற்சிக்காக அமைத்த கற்பனை நபர். தொடக்கத்தில் படித்த நான்கு வரியும் இவரைப் பற்றியதுதான். வயது 41, காய்கறி மார்க்கெட்டில் மூட்டை தூக்குபவர், காசநோய்க்குச் சிகிச்சை தொடங்கி இரண்டாவது மாதம். மருந்துக்கு வசப்படும் சாதாரணக் காசநோய்க்கு ஆறு மாதம் தினமும் மாத்திரை எடுக்க வேண்டும். இடையில் விட்டால் நோய் திரும்பும், மருந்துக்குக் கட்டுப்படாத வகையாகவும் மாறலாம்.

எண் 14. சந்திப்பு 1. மார்ச் 4, காலை 11 மணி, புறநோயாளிப் பிரிவு வெளி பெஞ்ச், 25 நிமிடம். உடன் மனைவி.
அனுப்பிய காரணம்: மாத்திரை சரியாக எடுப்பதில்லை (செவிலியர்).
அவர் சொன்ன காரணம்: “வேலைக்குப் போகணும், அதான் பிரச்சினை.”
சொன்னது: “நேத்து மாத்திரை போட்டீங்களா?” என்றேன். “போட்டேன்” என்றார். “மாத்திரை போட்ட நாள் எப்படிப் போகுது, அண்ணே?” என்றேன். “கொமட்டுது. மூட்டை தூக்குற அன்னைக்குப் போட்டா நிக்க முடியல. பாதியில வந்துட்டா அன்னைக்குக் கூலி இல்ல.” மனைவி: “ஞாயித்துக்கிழமை ஒருநாளும் விட்டதில்ல.”
பார்த்தது: கடந்த 4 வாரத்தில் 9 நாள் மாத்திரை மீதம். மனைவி பேசும்போது தலையைக் குனிந்துகொண்டார்.
நினைத்தது (உறுதியில்லை): நோயைப் புரியாமல் விடவில்லை. கூலி போய்விடும் என்று வேலை நாட்களில் விடுகிறார்.
முடிவு: மனைவி தினமும் எடுத்துக் கொடுக்கலாம் என்றேன். “சின்னப் பிள்ளையா நானு?” என்று மறுத்தார். குமட்டலை மருத்துவரிடம் சொல்ல ஒப்புக்கொண்டார்.

சந்திப்பு 2. மார்ச் 11. அவரும் நானும் மருத்துவரைப் பார்த்தோம். இரவு படுக்கும் முன் எடுக்கலாம் என்றார் மருத்துவர். நாள்காட்டியில் தானே குறித்துக்கொள்வதாக அவர் சொன்னார். முடிவு அவருடையது.

சந்திப்பு 3. மார்ச் 25. 14 நாளில் 1 நாள் விட்டுள்ளது. அன்று இரவு லாரி லோடு இறக்கும் வேலை இருந்ததாகச் சொன்னார். ஊட்டச்சத்துப் பணம் இன்னும் வரவில்லை. வங்கிக் கணக்கு விவரம் பதிவாகவில்லை என்று காசநோய்ப் பிரிவில் தெரிந்தது. அடுத்த வேலை: பாஸ்புக் நகலோடு அவர் வியாழனன்று வருகிறார்.

கடைசிப் பதிவிலுள்ள பணம், காசநோயாளிகளுக்கு ஒன்றிய அரசு வங்கிக் கணக்கில் போடும் தொகை. மாதத்துக்கு 500 ரூபாயாக இருந்தது 2024 நவம்பர் முதல் 1,000 ரூபாய் ஆனது. ‘பொறுப்பற்றவர்’ என்று எழுதி மூடிய கோப்பில் அந்தப் பணம் வராதது யார் கண்ணிலும் பட்டிருக்காது.

முதல் சந்திப்பில் மாணவர் தன் கேள்விகளையும் எழுதியிருப்பதைக் கவனிக்க வேண்டும். ‘போட்டீங்களா?’ என்ற கேள்விக்கு ஒற்றைச் சொல்லில் பதில் வந்தது. ‘எப்படிப் போகுது?’ என்றதும் கூலிக்கணக்கு வெளியே வந்தது. உரையாடலை இப்படிச் சொல்லுக்குச் சொல் எழுதுவது ‘ப்ராசஸ் ரெக்கார்டிங்’. தன் பேச்சைத் தானே பார்த்துத் திருத்திக்கொள்ள மாணவருக்கு இதைவிட நல்ல கருவி இல்லை. ஆனால் 25 நிமிடப் பேச்சை முழுக்க எழுதினால் ஐந்தாறு பக்கம் போகும். நாளெல்லாம் நோயாளிகளைச் சந்திக்கும் பணியாளரால் அது முடியாது. ஆகவே முதல் சந்திப்பையும் சிக்கலான சந்திப்புகளையும் விரிவாக எழுதி, மற்றவற்றை இரண்டாம், மூன்றாம் பதிவுகள்போலச் சுருக்குவதே நடைமுறைக்கு ஒத்தது.

எதிரில் ஒருவர் மனம்விட்டுப் பேசும்போது குனிந்து எழுதிக்கொண்டிருந்தால் பேச்சு அறுந்துவிடும். சந்திப்பில் எண்ணையும் தேதியையும் ஓரிரு சொற்களையும் மட்டும் குறித்துக்கொண்டு, அன்று மாலையே முழுதாக எழுத வேண்டும். இரண்டு நாள் தள்ளினால் ‘சொன்னது’ பத்திக்குள் ‘நினைத்தது’ நுழைந்துவிடும். எல்லோரும் மாணவரின் நடையிலேயே பேசத் தொடங்குவது அதற்கு அடையாளம். மூட்டை தூக்குபவர் “பொருளாதார நெருக்கடி” என்று பேசுவதாகப் பதிவில் இருந்தால் அது அவர் சொன்னதல்ல.

பதிவு தேறியதா என்று அறிய இரண்டு சோதனைகள் போதும். அந்தத் தாளை வேறொரு பணியாளரிடம் கொடுத்தால், அடுத்த சந்திப்பை அவரால் நடத்த முடிய வேண்டும். எண் 14-க்குரியவரே அதைப் படித்தால், தன்னைப் பற்றிய வசை எதுவும் அதில் இருக்கக் கூடாது. இரண்டாவது வெறும் மரியாதைக்காகச் சொல்வது அல்ல. மனநலச் சிகிச்சை பெறுபவருக்குத் தன் அடிப்படை மருத்துவப் பதிவுகளைப் பார்க்கும் உரிமையை 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் தந்திருக்கிறது.

களப்பணிப் பதிவேட்டுக்கு மதிப்பெண் போடும் ஆசிரியர்கள் பக்கங்களை எண்ணுவதை விட்டுவிட்டு, சொன்னதும் பார்த்ததும் நினைத்ததும் தனித்தனியாக இருக்கின்றனவா என்று முதலில் பார்க்க வேண்டும். ‘அறிவுரை வழங்கப்பட்டது’ என்று முடியும் பதிவுகளை மதிப்பெண் போடாமல் திருப்பிக் கொடுங்கள்.