பட்ஜெட் பேச்சை அடுத்தவர் கையில் ஒப்படைக்கும் குறிப்பு

ஒரு வேலையை விட்டுச் செல்பவர், அதை ஏற்கப்போகிறவருக்கு எழுதித் தருவது ஒப்படைப்புக் குறிப்பு. நீண்ட விடுப்பில் போகும்போதும் வேறு பிரிவுக்கு மாறும்போதும் இது தேவைப்படுகிறது. முன்பெல்லாம் இதனுடன் ஒரு கோப்பும் கைமாறும். பட்ஜெட் தொடர்பான பேச்சு இன்று பெரும்பாலும் கோப்பில் நடப்பதில்லை, வாட்ஸ்அப் குழுவில் நடக்கிறது. திங்கட்கிழமை ஒரு தொகை வருகிறது, புதன்கிழமை அது மாறுகிறது, வெள்ளிக்கிழமை யாரோ பழைய தொகையையே மறுபடி எழுதுகிறார்கள். கூடவே இருந்தவருக்கு எது நிற்கிறது, எது போனது என்று தெரியும். புதிதாக வருபவருக்கு எல்லாத் தொகையும் ஒன்றுபோலவே தெரியும். குழுவில் செய்திகள் தாமாக மறையும் ஏற்பாடு இருந்தால், 24 மணி நேரத்திலோ 7 நாளிலோ 90 நாளிலோ அந்தப் பேச்சே இல்லாமல் போய்விடும். அதனால், பேச்சைத் திரும்பப் படிக்காமலே வேலையைத் தொடரும் அளவுக்குக் குறிப்பு தன்னளவில் முழுமையாக இருக்க வேண்டும்.

ஒரு கற்பனை உதாரணத்தைக் கடைசிவரை பின்தொடர்ந்தால் விஷயம் விளங்கும். சென்னையில் ஓர் அறக்கட்டளை, மதுரையில் பிப்ரவரி 21, 22 ஆகிய இரண்டு நாள் ஆசிரியர்களுக்குப் பயிற்சி நடத்தத் திட்டமிடுகிறது. ஏற்பாட்டைக் கவனிக்கும் அலுவலர் ஜனவரி 5 அன்று 2,40,000 ரூபாய் கேட்டுப் பட்டியல் போடுகிறார். மேலாளர் குறைக்கச் சொல்கிறார். ஜனவரி 7 அன்று புதுப் பட்டியல் வருகிறது: மண்டபம் 40,000, 60 பேருக்குத் தலைக்கு நாளொன்றுக்கு 350 ரூபாய் வீதம் சாப்பாடு 42,000, பயிற்சியாளர் கட்டணம் 60,000, தலைக்கு 300 ரூபாய் வீதம் பாடப்பொருட்கள் 18,000, குழுவின் பயணமும் தங்குமிடமும் 30,000. “மொத்தம் 1.90 வருது சார்” என்று அலுவலர் எழுத, “சரி, ரெண்டு லட்சத்துக்குள்ள முடிச்சிடுங்க” என்று மேலாளர் பதில் போடுகிறார். ஜனவரி 9 அன்று மண்டபத்துக்கு 10,000 ரூபாய் அட்வான்ஸ் போகிறது. ஜனவரி 12 அன்று, “75 பேர் வரலாம் போல இருக்கு” என்று அலுவலர் தெரிவிக்கிறார். மேலாளர் அதற்குக் கட்டைவிரலை உயர்த்திய படத்தை மட்டும் போடுகிறார். அன்றைக்கே கணக்குப் பிரிவிலிருந்து, “பயிற்சியாளருக்கு 54,000 போட்டாப் போதும்” என்று ஒரு வரி. ஜனவரி 19 அன்று அலுவலர் விடுப்பில் போகிறார்.

அவசரத்தில் எழுதப்படும் குறிப்பு இப்படி இருக்கும்: “பட்ஜெட் 1.90 லட்சம், மேலாளர் ஓகே சொல்லிவிட்டார். 75 பேர். மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுத்தாயிற்று. மீதி குழுவில் இருக்கிறது.” இதில் பொய் ஏதும் இல்லை. ஆனாலும் இதை நம்பி வேலை செய்பவர் பதினைந்தாயிரம் ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவாக வரம்பை மீறுவார், மீறியது பில் வரும்போதுதான் தெரியும்.

முதல் சிக்கல் வரி. கொட்டேஷன்களில் “ஜிஎஸ்டி தனி” என்று சிறு எழுத்தில் இருப்பதை, பேச்சில் யாரும் திருப்பி எழுதுவதில்லை. மண்டப வாடகைக்கு 18 சதவீதம், வெளியிலிருந்து வரும் சாப்பாட்டுக்கு 5 சதவீதம் என்று வைத்தால், மண்டபம் 47,200 ஆகிறது, சாப்பாடு 44,100 ஆகிறது. பாடப்பொருட்களின் விலையில் வரி ஏற்கெனவே சேர்ந்திருக்கிறது, பயிற்சியாளர் ஜிஎஸ்டி பதிவு இல்லாதவர், பயணத் தொகையும் வரி சேர்த்துப் போட்ட உத்தேசம். ஆக உண்மையான மொத்தம் 1,99,300. விற்பனைக்கு ஜிஎஸ்டி கட்டும் வணிக நிறுவனமாக இருந்தால் மண்டபத்துக்குக் கட்டிய வரியை அங்கே கழித்துக்கொள்ள வழியுண்டு. இலவசப் பயிற்சி நடத்தும் அறக்கட்டளைக்கு அந்த வழி இல்லை, கட்டிய வரி முழுவதும் செலவுதான். அதனால் குறிப்பில் வரும் ஒவ்வொரு தொகைக்கும் பக்கத்தில் “வரி சேர்த்து” அல்லது “வரி நீங்கலாக” என்று இருந்தாக வேண்டும். இந்த ஒரு சொல் விடுபடுவதுதான் பட்ஜெட் குறிப்புகளில் மிக அதிகமாக நேரும் பிழை.

இரண்டாவது, அந்த 54,000. பயிற்சியாளரின் கட்டணம் 60,000தான். தொழில்முறைக் கட்டணத்தில் 10 சதவீதத்தை, அதாவது 6,000 ரூபாயை, டிடிஎஸ்ஸாகப் பிடித்து அரசுக்குக் கட்டிவிட்டு மீதியை அவருக்கு அனுப்ப வேண்டும் என்பதைத்தான் கணக்குப் பிரிவு சொன்னது. பணம் இரண்டு இடத்துக்குப் பிரிந்து போகிறதே தவிர, நிறுவனத்திலிருந்து போவது முழு 60,000. இதைக் கட்டணம் குறைந்துவிட்டதாக எடுத்துக்கொண்டு பட்டியலில் 54,000 என்று திருத்தினால், இல்லாத 6,000 ரூபாய் மிச்சமாகத் தெரியும், அதை வேறொன்றுக்குச் செலவழிக்கவும் தோன்றும். ஒருவரின் கைக்குப் போகும் தொகையும் பட்ஜெட்டில் எழுதும் தொகையும் வேறு என்பதைக் குறிப்பு ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட்டால் இது நேராது.

எல்லாவற்றிலும் பெரிய சிக்கல் ஒப்புதல். மேலாளர் “சரி” என்றது எதற்கு? ஜனவரி 7 அன்று, 60 பேர் என்ற கணக்குக்கு, 2,00,000 என்ற உச்ச வரம்புக்கு. கட்டைவிரல் படம் எதற்கு? 75 பேர் வரலாம் என்ற செய்தியைப் பார்த்தேன் என்பதற்கா, வரட்டும் என்பதற்கா, அதற்கான கூடுதல் செலவுக்குமா? அந்தச் செய்தியில் தொகையே இல்லை. தொகை சொல்லப்படாத செய்திக்குக் கிடைத்த படத்தைப் பண ஒப்புதலாக எடுத்துக்கொள்ளக் கூடாது, குறிப்பு எழுதுபவர் எவ்வளவு உறுதியாக நினைத்தாலும் சரி. கூடுதலாக வரும் ஒவ்வொருவருக்கும் இரண்டு நாள் சாப்பாடு வரியோடு 735 ரூபாய், பாடப்பொருட்கள் 300 ரூபாய், ஆக 1,035 ரூபாய் ஆகிறது. 15 பேருக்கு 15,525. மொத்தம் 2,14,825 ஆகி, வரம்பை 14,825 ரூபாய் தாண்டுகிறது. 60 பேருக்கே வரம்பில் மிஞ்சுவது 700 ரூபாய்தான், 61ஆவது ஆசிரியருக்குக்கூட இடமில்லை. இந்தக் கணக்கை யாரும் குழுவில் போட்டுப் பார்க்கவில்லை. குறிப்பு எழுத உட்காரும்போதுதான் இது வெளியே வருகிறது.

ஆகவே நல்ல குறிப்பு பேச்சை வரிசையாகத் திருப்பிச் சொல்வதில்லை, இன்றைய நிலையிலிருந்து தொடங்குகிறது. ஜனவரி 5ஆம் தேதியின் 2,40,000 அதில் வரவே தேவையில்லை. மேற்சொன்ன உதாரணத்துக்கு அது இப்படி அமையலாம்:

“ஜனவரி 19 காலை நிலவரம். மதுரைப் பயிற்சி, பிப்ரவரி 21, 22. ஒப்புதலான உச்ச வரம்பு 2,00,000 ரூபாய். இது 60 பேருக்கு, ஜனவரி 7 அன்று மேலாளர் குழுவில் எழுதியது. இன்றைய மதிப்பீடு வரி சேர்த்து 1,99,300. குழுவில் நான் எழுதிய 1.90 லட்சம் வரி நீங்கலானது, அதை எடுத்துக்கொள்ள வேண்டாம்.

“முடிவாகாதது: 75 பேராக உயர்த்துவது. உயர்த்தினால் 2,14,825 ஆகும். மேலாளர் செய்தியைப் பார்த்திருக்கிறார், கூடுதல் தொகைக்குச் சம்மதம் கேட்கவில்லை. நீங்கள் முதலில் கேட்க வேண்டியது இதுதான். சாப்பாட்டு கொட்டேஷனின் விலை ஜனவரி 31 வரைதான் செல்லும், அதற்குள் பதில் வேண்டும்.

“கொடுத்தது: மண்டபத்துக்கு 10,000, ஜனவரி 9. இது 47,200க்குள் அடங்கியது. மீதி 37,200ஐப் பிப்ரவரி 10க்குள் கட்ட வேண்டும். சாப்பாட்டுக்காரருக்கு இன்னும் உறுதி சொல்லவில்லை, பணமும் கொடுக்கவில்லை. பயிற்சியாளருக்கு வாய்மொழியாக உறுதி சொல்லியிருக்கிறோம். கட்டணம் 60,000, டிடிஎஸ் போக அவர் கைக்கு 54,000. பயணம் 30,000 என் உத்தேசம் மட்டுமே, டிக்கெட் எடுக்கவில்லை.”

இந்தக் குறிப்பில் ஒவ்வொரு தொகையும் எந்த நிலையில் இருக்கிறது என்பது தெரிகிறது. கேட்ட தொகை, ஒப்புதலான தொகை, வாக்குக் கொடுத்துவிட்ட தொகை, கட்டிமுடித்த தொகை, வெறும் உத்தேசம் ஆகிய ஐந்தும் பேச்சில் ஒரே மாதிரிதான் எழுதப்படுகின்றன. வாக்குக் கொடுத்த தொகையைத் தனியே குறிப்பது முக்கியம். பயிற்சியாளருக்கு இன்னும் ஒரு ரூபாய்கூடப் போகவில்லை, ஆனால் வாக்குக் கொடுத்தாகிவிட்டதால் அந்த 60,000ஐக் கைவைக்க முடியாது. செலவைக் குறைக்க வேண்டிவந்தால், புதிதாக வருபவர் பயணத்திலும் சாப்பாட்டிலும்தான் குறைக்கலாம், மண்டபத்திலும் பயிற்சியாளரிடமும் அல்ல. அட்வான்ஸ் மொத்தத்துக்குள் அடங்கியதா, வெளியே நிற்பதா என்று சொல்லாவிட்டால் அதே 10,000 இரண்டு முறை கணக்கில் ஏறும்.

எழுதிய குறிப்பு சரியா என்று பார்க்கச் சுலபமான சோதனை உண்டு. பேச்சில் கடைசியாக வந்த மொத்தத்திலிருந்து குறிப்பின் மொத்தத்துக்கு வந்துசேர முடிகிறதா என்று பார்க்க வேண்டும். இங்கே 1,90,000க்கும் 1,99,300க்கும் வித்தியாசம் 9,300. மண்டபத்தின் வரி 7,200, சாப்பாட்டின் வரி 2,100, இரண்டும் சேர்ந்தால் அதே 9,300. வித்தியாசம் இப்படி முழுதாக விளங்காமல் ஐந்நூறோ ஆயிரமோ இடித்தால், நடுவில் ஏதோ ஒரு செய்தி விடுபட்டிருக்கிறது. விளங்காத தொகையை விளங்கியதுபோல் எழுதுவதைவிட, “இந்த 500 எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை” என்று எழுதிவைப்பது ஏற்பவருக்கு உதவும்.

குறிப்பு ஒப்புதலுக்கு மாற்றாகாது. “மேலாளர் சம்மதித்தார்” என்று ஒரு சகபணியாளர் எழுதியது தணிக்கையின்போது சான்றாக நிற்காது. அதனால் ஜனவரி 7ஆம் தேதிச் செய்தியின் ஸ்கிரீன்ஷாட்டையும் இரண்டு கொட்டேஷன்களையும் அட்வான்ஸ் ரசீதையும் சேர்த்து, மின்னஞ்சலில் மேலாளருக்கும் ஒரு நகல் போகும்படி அனுப்புவது வழக்கமாக வேண்டும். நகல் போனால், தான் சொன்னதைக் குறிப்பு சரியாகப் பிடித்திருக்கிறதா என்று அவர் பார்த்துத் திருத்துவார். எழுதியவர் விடுப்பில் போவதற்கு முன்பே அந்தத் திருத்தம் வந்துவிட வேண்டும் என்பதால், குறிப்பைக் கடைசி நாள் மாலையில் அனுப்பாமல் இரண்டு நாள் முன்னதாகவே அனுப்புவது நல்லது.

ஏற்பவருக்கும் ஒரு வேலை இருக்கிறது. “கிடைத்தது, நன்றி” என்ற பதில் எதையும் உறுதிசெய்யாது. புரிந்துகொண்டதைத் தன் சொற்களில் திருப்பி எழுத வேண்டும்: “வரம்பு 2,00,000, 60 பேருக்கு. 75 பேருக்கு 14,825 கூடுதலாகக் கேட்க வேண்டும், ஜனவரி 31க்குள். மண்டபத்துக்கு மீதி 37,200, பிப்ரவரி 10க்குள். சரிதானே?” இப்படி எழுதும்போது எங்காவது தொகை பிசகினால், திருத்திச் சொல்ல எழுதியவர் இன்னும் அலுவலகத்தில்தான் இருப்பார்.