எந்த மாசத்துத் தாள் இது?

மொத்த அரிசிக் கடை ஒன்றின் முதல் காலாண்டுக் கணக்கு. ஏப்ரல், மே, ஜூன் என்று எக்செல்லில் மூன்று ஷீட்; பிரிண்ட் எடுத்தால் மொத்தம் பத்துத் தாள். ஆடிட்டர் அலுவலகத்தில் ஜெராக்ஸ் எடுக்கப் போன பையன் பத்தையும் கலைத்துக் கொண்டுவந்து வைத்துவிட்டான். ஆடிட்டர் ஒரு தாளை எடுத்துப் பார்த்தார். முதல் பத்தியில் 17, 18, 19 என்று நாள், அடுத்ததில் மூட்டை எண்ணிக்கை, கடைசியில் தொகை. “அண்ணே, இது எந்த மாசம்?” என்றார். கணக்குப்பிள்ளையாலும் சொல்ல முடியவில்லை.

கணக்கு எழுதியதில் பிழை இல்லை. திரையில் பார்க்கும்போது மாசத்தின் பெயர் கீழே உள்ள ஷீட் பட்டையில் பளிச்சென்று தெரிகிறது. அதனால் ஒவ்வொரு வரியிலும் மாசத்தை எழுத வேண்டிய அவசியம் அவருக்குத் தோன்றவில்லை. ஆனால் அந்தப் பட்டை திரைக்கு மட்டும் சொந்தம், தாளுக்கு வராது. தாளுக்கு வர வேண்டியதை ஹெடரிலும் ஃபுட்டரிலும் தனியாகச் சொல்லி வைக்க வேண்டும். தாளின் மேல் ஓரத்தில் வருவது ஹெடர், கீழ் ஓரத்தில் வருவது ஃபுட்டர்.

இரண்டும் சாதாரணமாக வேலை செய்யும் Normal தோற்றத்தில் கண்ணுக்குத் தெரியாது. Insert பட்டியலில் உள்ள Header & Footer பொத்தானை அழுத்தினால், எக்செல் ஷீட்டைத் தாள் தாளாகக் காட்டும் Page Layout தோற்றத்துக்கு மாற்றிவிடும். அதில் ஒரு சங்கடம் உண்டு. தலைப்பு வரி நகராமல் இருக்க Freeze Panes போட்டிருந்தால், அதை எடுத்துவிடவா என்று கேட்கும்; ஆமாம் என்றால் எடுத்தே விடும். அதனால் நான் வேறு வழியில் போவேன். Alt-ஐ அழுத்திவிட்டு P, S, P என்று வரிசையாகத் தட்டினால் Page Setup பெட்டி திறக்கும். அதில் Header/Footer பகுதிக்குப் போய் Custom Header-ஐ அழுத்தினால் இடம், நடு, வலம் என்று மூன்று கட்டங்கள் வரும். Freeze Panes அப்படியே இருக்கும்.

நம் அரிசிக் கடைக்கு இடக் கட்டத்தில் ஷீட் பெயரும் வலக் கட்டத்தில் தேதியும் வைப்போம். கட்டங்களுக்கு மேலே சின்னச் சின்னப் பொத்தான்கள் இருக்கின்றன. மவுஸை மேலே கொண்டுபோனால் பெயர் தெரியும். Insert Sheet Name, Insert Date என்ற இரண்டையும் உரிய கட்டத்தில் அழுத்தினால் போதும். பிறகு Custom Footer திறந்து, நடுக் கட்டத்தில் ‘பக்கம்’ என்று தமிழிலேயே தட்டிவிட்டு, பக்க எண்ணையும் மொத்தப் பக்கத்தையும் சேர்க்க வேண்டும். முடிந்தபோது கட்டங்களில் இருப்பது இது:

```
&[Tab]
அச்சிட்ட நாள்: &[Date]
பக்கம் &[Page] / &[Pages]
```

முதல் இரண்டு வரிகள் ஹெடருக்கு, மூன்றாவது ஃபுட்டருக்கு. ‘ஏப்ரல்’ என்று நேரடியாகத் தட்டாமல் `&[Tab]` என்று ஏன் வைக்கிறோம்? இவை எழுத்துகள் அல்ல, எக்செல்லுக்கு நாம் கொடுக்கும் உத்தரவுகள். பிரிண்ட் கொடுக்கும் நொடியில் எக்செல் ஒவ்வொன்றையும் பார்த்து, அந்த நொடியில் உள்ள பதிலை நிரப்புகிறது. ஷீட்டின் பெயரை ‘ஏப்ரல் 2025’ என்று மாற்றினால் அடுத்த பிரிண்டில் ஹெடரும் மாறிவிடும். இதன் வசதிக்கும் இதனால் வரும் குழப்பங்களுக்கும் காரணம் இந்த ஒன்றுதான்.

தேதியையே எடுத்துக்கொள்ளுங்கள். `&[Date]` காட்டுவது கணக்கு எழுதிய தேதியை அல்ல; பிரிண்ட் எடுத்த தேதியை. ஏப்ரல் ஷீட்டை ஆகஸ்ட் 14 அன்று மறுபடி பிரிண்ட் எடுத்தால் ஆகஸ்ட் 14 என்றே விழும். ஜூன் 30 நிலவரப்படி இருப்பு இவ்வளவு என்று சொல்ல வேண்டிய தாளில் அது இருந்தால், பார்க்கிறவர் அதை ஆகஸ்ட் இருப்பு என்று எடுத்துக்கொள்வார். அதற்காகத்தான் முன்னால் ‘அச்சிட்ட நாள்’ என்ற இரண்டு சொல். கணக்கின் தேதி மாறாமல் இருக்க வேண்டுமானால் ‘30.06.2025 நிலவரப்படி’ என்று கையால் தட்டுவதே வழி. ஷீட்டில் ஒரு கட்டத்தில் உள்ள தேதியை ஹெடர் தானாக எடுத்துக்கொள்ளாது. அதற்கு மேக்ரோ எழுத வேண்டும்.

தேதியின் வடிவமும் நம் கையில் இல்லை. எக்செல்லுக்குள் அதை மாற்ற இடமே கிடையாது. விண்டோஸ் அமைப்பில் உள்ள சுருக்கத் தேதியின் வடிவத்தையே ஹெடர் எடுத்துக்கொள்கிறது. ஜூலை 4 நம் கணினியில் 04-07-2025 என்று வரும். அமெரிக்க அமைப்பில் விட்டுவைத்த கணினியில் அதே கோப்பு 7/4/2025 என்று அச்சாகும். அதை ஏப்ரல் 7 என்று படிக்க எவ்வளவு நேரமாகும்?

அடுத்தது பக்க எண். ஏப்ரலுக்கு மூன்று தாள், மேக்கு நான்கு, ஜூனுக்கு மூன்று. ஒவ்வொரு ஷீட்டையும் தனித்தனியாகப் பிரிண்ட் கொடுத்தால் ஒவ்வொன்றும் 1-இல் தொடங்கும். ஏப்ரலில் ‘பக்கம் 2 / 3’, மேயில் ‘பக்கம் 2 / 4’, ஜூனில் மறுபடி ‘பக்கம் 2 / 3’. ஷீட் பெயர் மேலே இல்லாவிட்டால் ஏப்ரலின் இரண்டாம் தாளும் ஜூனின் இரண்டாம் தாளும் இரட்டைப் பிள்ளைகள். பிரிண்ட் கொடுக்கும் திரையில் Print Entire Workbook என்று தேர்ந்தெடுத்தால் மூன்றும் ஒரே ஓட்டமாகப் போகும். மே 4-ஆம் பக்கத்தில் தொடங்கும், மொத்தம் 10 என்று விழும். ஆடிட்டருக்குக் கொடுக்க இதுதான் சரி. அப்படிக் கொடுத்தும் மே 1-இல் தொடங்கினால், அந்த ஷீட்டின் Page Setup பெட்டியில் Page பகுதியைப் பாருங்கள். First page number என்ற இடத்தில் Auto என்று இருக்க வேண்டும். யாரோ அங்கே 1 என்று போட்டிருப்பார்கள்.

மொத்தப் பக்கம் இன்னொரு வேலையும் செய்கிறது. மூன்று தாள் வர வேண்டிய ஏப்ரல் ‘பக்கம் 1 / 6’ என்று காட்டினால், தொகைப் பத்தி தாளின் அகலத்துக்குள் அடங்காமல் அடுத்த தாளுக்குத் தள்ளப்பட்டிருக்கும். எக்செல் வழக்கமாக முதலில் மேலிருந்து கீழே முடித்துவிட்டு, பிறகுதான் வலப்பக்கம் போகும். அதனால் முதல் மூன்று தாளில் நாளும் மூட்டையும், அடுத்த மூன்றில் தொகை மட்டும். Page Setup-இல் Fit to என்பதைத் தேர்ந்து, அகலத்துக்கு 1 என்று போட்டு, உயரத்தைக் காலியாக விட்டால் எல்லாப் பத்தியும் ஒரே தாளின் அகலத்துக்குள் சுருங்கிவிடும். கூடவே ஹெடர் எழுத்தும் சுருங்கும். அது வேண்டாமென்றால் Header/Footer பகுதியில் Scale with document என்ற கட்டத்தின் டிக்கை எடுத்துவிடுங்கள்.

இதையெல்லாம் மூன்று ஷீட்டுக்கும் மூன்று தடவை செய்ய வேண்டியதில்லை. ஏப்ரல் ஷீட்டில் நின்றுகொண்டு, Ctrl-ஐப் பிடித்தபடி மே, ஜூன் பட்டைகளையும் கிளிக் செய்தால் மூன்றும் ஒரு குழுவாகும். அப்புறம் Page Setup பெட்டியில் ஒருமுறை செய்தால் போதும். இரண்டு எச்சரிக்கை. முதலாவது, OK அழுத்தும்போது ஹெடர் மட்டுமல்ல, ஏப்ரல் ஷீட்டின் ஓர அளவு, தாளின் கிடைமட்ட அமைப்பு எல்லாம் மற்ற ஷீட்டுகளுக்கும் போய்விடும். ஜூனை மட்டும் குறுக்குவாட்டில் வைத்திருந்தால் அது நெடுக்காகிவிடும். இரண்டாவது, வேலை முடிந்ததும் பட்டையில் வலது கிளிக் செய்து Ungroup Sheets கொடுக்க மறக்கக் கூடாது. மறந்தால், ஏப்ரலில் ஒரு கட்டத்தில் தட்டும் தொகை மே, ஜூனிலும் அதே கட்டத்தில், இருந்ததை அழித்துவிட்டு உட்கார்ந்துகொள்ளும். குழு இருக்கிறதா என்பதற்கு அடையாளம் மேலே கோப்பின் பெயருக்குப் பக்கத்தில் தெரியும் Group என்ற சொல்.

கடைப் பெயரையும் ஹெடரில் போட ஆசைப்படுகிறவர்கள் உண்டு. பெயரில் ‘& கோ’ என்றோ ‘& சன்ஸ்’ என்றோ இருந்தால் தாளில் அந்த & குறி காணாமல் போகும். உத்தரவின் தொடக்கக் குறியே அதுதான் என்பதால் எக்செல் அதை எழுத்தாக எடுத்துக்கொள்வதில்லை. `&&` என்று இரண்டு தடவை தட்டினால் ஒன்று அச்சாகும். பெயர், முகவரி, ஷீட் பெயர் என்று மூன்று வரி அடுக்கினால் இடமும் பற்றாது. எக்செல்லின் வழக்கமான அமைப்பில் ஹெடர் தாளின் விளிம்பிலிருந்து சுமார் 0.8 செ.மீ. தள்ளித் தொடங்குகிறது, கணக்கு 1.9 செ.மீ.யில் தொடங்குகிறது. நடுவில் இருப்பது 1.1 செ.மீ. இரண்டு வரி அடங்கும். மூன்றாவது வரி, கணக்கின் முதல் வரிமேல் ஏறி உட்காரும். Margins பகுதியில் Top அளவைக் கூட்டினால் விலகிவிடும்.

நாள், மூட்டை, தொகை என்ற பத்தித் தலைப்புகள் எல்லாத் தாளிலும் வர வேண்டும் என்பது வேறு வேலை. அதை ஹெடரில் தட்டக் கூடாது. பத்திக்கு நேராக நிற்காது. Page Layout பட்டியலில் Print Titles திறந்து, Rows to repeat at top என்ற இடத்தில் `$1:$1` என்று கொடுக்க வேண்டும். அந்த இடம் மங்கலாக இருந்து தட்ட விடாவிட்டால், ஷீட்டுகள் இன்னும் குழுவாக இருக்கின்றன என்று பொருள். அல்லது பிரிண்ட் திரையிலிருந்து பெட்டியைத் திறந்திருப்பீர்கள். இதை மட்டும் ஒவ்வொரு ஷீட்டிலும் தனியாகத்தான் செய்ய வேண்டும்.

அரிசிக் கடைக் கணக்குப்பிள்ளை அடுத்த காலாண்டுக்குக் கொண்டுபோன தாள்களின் மேலே ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர் என்று இருந்தது. கீழே ‘பக்கம் 1 / 11’ தொடங்கிப் பதினொன்று வரை. பையன் இந்தத் தடவையும் கலைத்துத்தான் கொண்டுவந்தான். ஆடிட்டர் எண்ணைப் பார்த்து அடுக்கினார். ஏழாம் பக்கம் இல்லை. ஜெராக்ஸ் மெஷினின் மூடியைத் திறந்து பார்த்தபோது, கண்ணாடிமேல் கவிழ்ந்து கிடந்தது.