வத்தக்குழம்புக்கு ஓர் அட்டை

குடும்பச் சமையல் புத்தகம் போடுகிறவர்கள் பெரும்பாலும் அட்டைக்கு என்ன நிறம், ஓரத்தில் என்ன பூ என்றுதான் தொடங்குகிறார்கள். அட்டையைப் படிக்கப்போகிறவர் ஒரு கையில் கரண்டியோடு அடுப்படியில் நிற்பவர். அவர் கண்ணுக்குத் தக்கபடி இடத்தைப் பிரிப்பதுதான் முதல் வேலை.

வத்தக்குழம்பையே எடுத்துக்கொள்வோம். ஏ5 தாள், அதாவது ஏ4-இல் பாதி, போதும். இடது ஓரத்தில் துளையிட்டுக் கோக்க 2 செ.மீ. விட்டுவிடுங்கள். மேலே பெயர், எத்தனை பேருக்கு, யார் கைப்பக்குவம் என்ற விவரம். அதன் கீழே இடப்பக்கம் 4 செ.மீ. அகலத்தில் பொருள்கள், வலப்பக்கம் 7 செ.மீ. அகலத்தில் செய்முறை.

பொருள்களைச் சட்டியில் விழும் வரிசையில் எழுத வேண்டும். ‘கரைக்க’ என்ற தலைப்பில் புளி 30 கிராம், வெந்நீர் 600 மி.லி. ‘தாளிக்க’ என்பதன் கீழ் நல்லெண்ணெய், சுண்டைக்காய் வத்தல், கடுகு, வெந்தயம், துவரம்பருப்பு, கறிவேப்பிலை. பிறகு சாம்பார் பொடி, உப்பு. ‘இறக்கும் முன்’ என்பதில் வெல்லம், அரிசிமாவுக் கரைசல். இப்படிப் பிரித்தால், எண்ணெய் காய்ந்தபின் வெந்தயத்தைத் தேடி ஓட வேண்டியிராது. அம்மா ‘எலுமிச்சை அளவு புளி’ என்பார். அவர் எடுக்கும் உருண்டையைத் தராசில் வைத்துப் பார்த்து, அவர் சொல்லையும் கிராமையும் சேர்த்தே எழுதுங்கள். அவர் டம்ளரையும் அப்படியே தண்ணீர் ஊற்றி அளந்துவிடலாம்.

செய்முறைக்கு எழுத்து 12 புள்ளிக்குக் குறையக் கூடாது. தமிழில் மேலே விசிறியும் கீழே உகரச் சுழியும் வருவதால் வரி இடைவெளி ஒன்றரை மடங்கு வேண்டும். இல்லாவிட்டால் வரிகள் ஒன்றோடொன்று இடிக்கும். படத்துக்கு இடம் விட்டபின் சுமார் 18 வரிகள்தான் மிஞ்சும். இந்த நெருக்கடி நல்லதே. எண்ணிட்ட ஒவ்வொரு படியிலும் ஒரு வேலையும், அது முடிந்ததற்கான அடையாளமும் இருந்தால் போதும்: ‘வத்தலைக் கருஞ்சிவப்பாக வறுத்து எடுத்து வை, கருகினால் குழம்பு கசக்கும்.’ ‘தீயைக் குறைத்துப் பொடி சேர், மணம் வந்ததும் புளிக்கரைசலை ஊற்று.’ ‘பச்சை வாசனை போய் எண்ணெய் மேலே பிரியும்வரை கொதிக்கவிடு.’ வெறுமனே ‘20 நிமிடம்’ என்று எழுதினால், அகலமான சட்டியில் குழம்பு அதற்குள் வற்றிவிடும்.

படத்துக்குச் செய்முறையின் அடியில் 7க்கு 5 செ.மீ. ஒதுக்குங்கள். பலரும் கிண்ணத்தில் ஊற்றி அலங்கரித்த குழம்பைப் போடுவார்கள். என்னைக் கேட்டால், எண்ணெய் பிரிந்து நிற்கும் சட்டியைத்தான் போட வேண்டும். சொல்லிப் புரியவைக்க முடியாத பக்குவம் அது. அச்சில் தெளிவாக விழ, படம் குறைந்தது 830க்கு 590 பிக்சல் இருக்கட்டும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் சுருங்கிவிடும், கோப்பாக அனுப்பச் சொல்லுங்கள்.

அச்சுக்குக் கொடுக்கும் முன், வத்தக்குழம்பே வைத்திராத ஒருவரிடம் அட்டையைக் கொடுத்துவிட்டுப் பேசாமல் பக்கத்தில் நில்லுங்கள். அவர் எந்த இடத்தில் திரும்பிக் கேள்வி கேட்கிறாரோ, அந்த வரியை மாற்றி எழுதுங்கள். அட்டையின் பின்பக்கம் வெறுமையாகவே இருக்கட்டும். அடுத்து வைப்பவர் புளியைக் கூட்டினாரா குறைத்தாரா என்று தேதி போட்டுக் குறித்து வைப்பார்.